கடவுச்சீட்டில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர்

இலண்டன் மாநகரிலே குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரே மனிதரின் பெயர் மூன்று நான்கு விதமாக எழுதப்பட்டிருப்பது புதுமையான செய்தியன்று. கடவுச்சீட்டில் ஒரு வரிசை, வங்கி அட்டையில் இன்னொரு வரிசை, சம்பளத் துண்டில் தலைப்பெழுத்து மட்டும், வைத்தியரின் பதிவேட்டில் வேறோர் எழுத்துக்கூட்டல் என்று ஆண்டுக்கணக்காக வாழ்க்கை ஓடிக்கொண்டிருக்கும். சம்பளம் வந்து சேர்ந்தது, வீட்டுக் கடன் கட்டப்பட்டது, எவரும் கேள்வி எழுப்பவில்லை. ஆகவே இது திருத்தப்பட வேண்டிய ஒன்று என்று எவருக்கும் தோன்றியதுமில்லை.

அந்தக் கேள்வி இன்று எதிர்பாராத ஓரிடத்திலிருந்து எழுகின்றது. கிரிப்டோ நாணயம் வாங்கி வைத்திருந்தவர்கள் அதனை விற்றுப் பவுணாக்கித் தமது வங்கிக் கணக்கிற்கு அனுப்ப முற்படும்போது, பணம் போய்ச் சேராமல் திரும்பி விடுகின்றது. பெயர் பொருந்தவில்லை என்கின்றது பரிமாற்றகம். சில வேளைகளில் பெயர் பொருந்தியும் வங்கி அந்தப் பணத்தை ஏற்க மறுக்கின்றது. இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள். ஒன்றிற்கான மருந்தை மற்றொன்றிற்குக் கொடுப்பதாலேயே பல குடும்பங்களில் சிறு தடங்கல் பெருந்தொல்லையாக மாறி விடுகின்றது.

முதலில் பெயரின் வரலாற்றைப் பார்ப்போம். ஈழத்திலும் தமிழகத்திலும் தமிழரிடையே வழிவழியாகக் குடும்பப் பெயர் என்று தனியே ஒன்று இருந்ததில்லை. தந்தையின் பெயர் முன்னே நிற்கும், தன் பெயர் பின்னே வரும். ஆனால் ஆங்கிலேயரின் படிவம் வேறு விதமாகச் சிந்திக்கின்றது. அதற்கு முதற்பெயர் வேண்டும், பின்னர் குடும்பப் பெயர் வேண்டும். தொண்ணூறுகளில் வந்திறங்கிய ஒருவர் குடிவரவுத் திணைக்களத்தின் படிவத்தில் ஒரு விதமாகவும், முதல் வங்கிக் கணக்கைத் திறந்தபோது வேறு விதமாகவும் இந்தக் கட்டங்களை நிரப்பியிருப்பார். இரண்டிலும் அவர் பொய் சொல்லவில்லை. தமிழ்ப் பெயரை ஆங்கிலக் கட்டத்திற்குள் இரண்டு விதமாக அடைக்க முடியும் என்பதே உண்மை.

எடுத்துக்காட்டிற்காகக் கற்பனையாக ஒரு பெயரை வைத்துக்கொள்வோம். ஹரோவில் வசிக்கும் ஒருவர் கந்தையாவின் மகன் சிவகுமாரன். 2001 இல் வங்கிக்குச் சென்றபோது, ஊரில் எழுதும் வழக்கப்படி கந்தையா சிவகுமாரன் என்று எழுதினார். வங்கியோ முன்னே நின்றதை முதற்பெயராகவும் பின்னே நின்றதைக் குடும்பப் பெயராகவும் பதிந்துகொண்டது. பின்னாளில் பிரித்தானியக் குடியுரிமை பெற்றுக் கடவுச்சீட்டு எடுத்தபோது தந்தையின் பெயரே குடும்பப் பெயராகியது. அவரது கடவுச்சீட்டின் அடியில், இயந்திரம் வாசிக்கும் முதல் வரி இவ்வாறு அமையும்:

```
P<GBRKANDIAH<<SIVAKUMARAN<<<<<<<<<<<<<<<<<<<
```

இவ்வரியில் மொத்தம் 44 இடங்கள் உள்ளன. முதல் ஐந்தும் ஆவண வகையையும் நாட்டையும் குறிக்க, எஞ்சிய 39 இடங்களுக்குள் பெயர் அடங்க வேண்டும். இரட்டைக் குறிக்கு முன்னால் இருப்பது குடும்பப் பெயர், பின்னால் இருப்பது தன் பெயர். கிரிப்டோ பரிமாற்றகத்தில் கணக்குத் திறக்கும்போது கைத்தொலைபேசியால் கடவுச்சீட்டைப் படம்பிடித்து அனுப்புகின்றார்கள் அல்லவா? அப்போது கணினி இவ்வாறான விபரத்தையே வாசித்து, Sivakumaran Kandiah என்று பதிந்துகொள்கின்றது. வங்கியிலோ அதே மனிதர் Kandiah Sivakumaran. தமிழ்ப் பெற்றோருக்கு இவை இரண்டும் ஒரே பெயர். கணினிக்கு இவை இரண்டு ஆட்களாக இருக்கக்கூடும்.

இனி, பணம் செல்லும் பாதையைப் பார்ப்போம். விற்ற பவுண் வங்கியை அடைவதற்கு முன்னர் மூன்று வாயில்களைக் கடக்க வேண்டும். முதலாவது, பரிமாற்றகத்தின் சொந்த விதி. இரண்டாவது, பெறுநரின் பெயரை உறுதிப்படுத்தும் சோதனை. மூன்றாவது, பணத்தைப் பெறும் வங்கியின் முடிவு. எந்த வாயிலில் பணம் நின்றது என்பதை அறியாமல் எவருக்கும் முறைப்பாடு செய்வதில் பயனில்லை.

முதல் வாயிலின் விதி எளியது. யாருடைய அடையாளம் சரிபார்க்கப்பட்டதோ, அவருடைய பெயரிலுள்ள வங்கிக் கணக்கிற்கே பணம் அனுப்பப்படும். கிரிப்டோ நிறுவனங்கள் 2020 ஜனவரி 10 முதல் பிரித்தானியாவின் பணச்சலவைத் தடுப்பு ஒழுங்குவிதிகளின் கீழ் வந்துள்ளன. நிதி நடத்தை அதிகாரசபையில் பதிவு பெற்ற நிறுவனம் தனது வாடிக்கையாளர் யார் என்பதை அறிந்திருக்கக் கடமைப்பட்டது. ஒருவரின் நாணயத்தை விற்ற பணத்தை வேறொருவரின் கணக்கிற்கு அனுப்பினால் அந்த அறிவு பொருளற்றதாகி விடும். ஆதலால் மனைவியின் கணக்கு, மகனின் கணக்கு, கடையின் வணிகக் கணக்கு ஆகியவை பொதுவாக இவ்வாயிலிலேயே நிறுத்தப்படுகின்றன. பல பரிமாற்றகங்கள் இன்னும் ஒரு படி மேலே சென்று, முன்பு எந்தக் கணக்கிலிருந்து பணம் உள்ளே வந்ததோ அதே கணக்கிற்கே திருப்பி அனுப்புகின்றன.

இரண்டாவது வாயில் அண்மைக் காலத்தில் கட்டப்பட்டது. பாஸ்ரர் பேமென்ற்ஸ் எனப்படும் உடனடிப் பணமாற்று முறை 2008 மே மாதம் தொடங்கியபோது, சோர்ட் கோட் எனப்படும் ஆறிலக்க எண்ணும் எட்டிலக்கக் கணக்கு எண்ணும் சரியாக இருந்தால் போதுமானது. பெயர்க் கட்டத்தில் என்ன எழுதப்பட்டிருந்தாலும் பணம் போய்ச் சேர்ந்தது. 2017 ஆம் ஆண்டின் கொடுப்பனவுச் சேவை ஒழுங்குவிதிகளும் எண்களின்படி பணம் சேர்க்கப்பட்டிருந்தால் அது சரியாகச் சேர்க்கப்பட்டதாகவே கொள்கின்றன. இந்த இடைவெளியை மோசடிக்காரர் நன்கு பயன்படுத்தினர். அதனைத் தடுக்கவே பெறுநர் பெயரை உறுதிப்படுத்தும் சோதனை 2020 இல் ஆறு பெரிய வங்கிக் குழுமங்களில் நடைமுறைக்கு வந்தது. பின்னர் 2024 அக்டோபர் வரையில் ஏறத்தாழ 400 நிறுவனங்களுக்கு அது விரிவாக்கப்பட்டது. ஆண்டுக்கணக்காக எவரையும் வருத்தாத பெயர் வேறுபாடு இப்பொழுது திடீரென வருத்துவதற்குக் காரணம் இதுவே.

இச்சோதனையில் பணம் அனுப்பும் நிறுவனம் பெயரையும் எண்களையும் பெறும் வங்கியிடம் முன்கூட்டியே கேட்கின்றது. பெறும் வங்கி தனது பதிவேட்டுடன் ஒப்பிட்டு நான்கு விடைகளில் ஒன்றைத் தருகின்றது. பெயர் பொருந்துகின்றது என்பது முதலாவது. ஓரளவு பொருந்துகின்றது என்பது இரண்டாவது. அப்போது பதிவேட்டிலுள்ள சரியான பெயரையும் அது காட்டும். பொருந்தவில்லை என்பது மூன்றாவது. அப்போது சரியான பெயர் வெளியிடப்படுவதில்லை. சோதிக்க இயலவில்லை என்பது நான்காவது. ஓரெழுத்து மாறிய எழுத்துக்கூட்டல் பெரும்பாலும் இரண்டாம் வகையில் அடங்கலாம். தலைப்பெழுத்தும் குடும்பப் பெயரும் இடம் மாறி நிற்கும் தமிழ்ப் பெயரோ எளிதில் மூன்றாம் வகைக்குச் சென்று விடக்கூடியது. தனியாள் கணக்கு என்று குறிப்பிட்ட இடத்தில் அது வணிகக் கணக்காக இருந்தாலும் வேறுபாடு சுட்டிக்காட்டப்படும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பொருந்தவில்லை என்ற விடை பணத்தைத் தானாகத் தடுப்பதில்லை. வீட்டிலிருந்து நண்பருக்குப் பணம் அனுப்புபவர் எச்சரிக்கையைக் கண்ட பின்னரும் தன் பொறுப்பில் தொடரலாம். ஆனால் அனுப்புவது பரிமாற்றகம் எனில், தொடர்வதா நிறுத்துவதா என்ற முடிவு அதனுடையது. தன் வாடிக்கையாளருக்கே அனுப்ப வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருப்பதால் அது நிறுத்தி விடுகின்றது. ஆகவே இந்நிலையில் வங்கியைத் தொலைபேசியில் அழைத்து ஏன் பணத்தை மறுத்தீர்கள் என்று வினவினால், அப்படி ஒரு பணம் வரவேயில்லை என்றுதான் பதில் கிடைக்கும். அது உண்மையும் ஆகும்.

கற்பனை எடுத்துக்காட்டிற்குத் திரும்புவோம். சிவகுமாரன் தனது நாணயத்தை விற்று 4,800 பவுணை எடுக்க முற்படுகின்றார். ஒரு நிமிடத்திற்குள் கோரிக்கை நீக்கப்பட்டு, 4,800 பவுணும் பரிமாற்றகக் கணக்கிலேயே மீண்டும் தோன்றுகின்றது. பதற்றத்தில் அவர் மூன்று முறை மீண்டும் முயல்கின்றார். பெயர்களை முன்பின்னாக மாற்றி எழுதிப் பார்க்கின்றார். இறுதியில் மகனின் கணக்கு எண்ணைக் கொடுக்கின்றார். அத்துடன் பரிமாற்றகம் அவரது கணக்கையே இடைநிறுத்தி, மகன் யார், பணம் யாருடையது என்று விளக்கம் கேட்கின்றது. முதல் தோல்வி ஓர் எழுத்தர் பிழை மட்டுமே. கணக்கு எண் மாற்றப்பட்டதும் அது சந்தேகத்திற்குரிய நடத்தையாகி விட்டது.

அவர் செய்திருக்க வேண்டியது வேறு. முதல் தோல்வியுடன் நிறுத்தி, இரு பதிவேடுகளிலும் உள்ள பெயரை அருகருகே வைத்துப் பார்த்திருக்க வேண்டும். வங்கியின் பதிவேட்டிலுள்ள பெயரைக் கணக்கறிக்கையில் காணலாம். அட்டையில் அச்சிட்ட பெயரை மட்டும் நம்பலாகாது, அது சுருக்கப்பட்டிருக்கக்கூடும். பரிமாற்றகத்தின் பதிவை அங்கே சரிபார்க்கப்பட்ட அடையாள விபரப் பக்கத்தில் காணலாம். திருத்தப்பட வேண்டியது கடவுச்சீட்டுடன் பொருந்தாத பதிவேடு எதுவோ அதுவே. இங்கே அது வங்கி. பரிமாற்றகத்தில் பெயரை மாற்றி வங்கிக்கு இணங்கச் செய்ய முடியாது, ஏனெனில் அது கடவுச்சீட்டிலிருந்து எடுக்கப்பட்டது.

கடவுச்சீட்டுடன் வங்கிக் கிளைக்குச் சென்று, முதற்பெயரும் குடும்பப் பெயரும் இடம் மாறிப் பதியப்பட்டுள்ளன, கடவுச்சீட்டின்படி திருத்துங்கள் என்று கேட்பதே வழி. இது பெயர் மாற்றமன்று, பதிவுத் திருத்தம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பெயர் உண்மையிலேயே மாறியிருந்தால் மட்டும் திருமணச் சான்றிதழோ டீட் போல் எனப்படும் பெயர்மாற்றப் பத்திரமோ தேவைப்படும். இத்திருத்தத்தால் கணக்கு எண் மாறுவதில்லை. ஆதலால் சம்பளமும் மாதாந்தக் கட்டளைகளும் வழமைபோல் தொடரும். திருத்தம் பதிவேறிய பின்னர் 20 பவுண் போன்ற சிறு தொகையை முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும். அது போய்ச் சேர்ந்த பின்னரே எஞ்சியதை எடுப்பது நன்று.

மூன்றாவது வாயிலில் பெயர் பற்றிய பேச்சே இல்லை. பெயர் பொருந்திப் பணம் புறப்பட்டு விட்டது. ஆனால் பெறும் வங்கி அதனை ஏற்க மறுக்கின்றது, அல்லது ஏற்ற பின்னர் திருப்பி அனுப்புகின்றது, அல்லது வைத்துக்கொண்டு ஆராய்கின்றது. இவ்வாயிலை விளங்கிக்கொள்ள 2021 இல் பிரித்தானியாவில் நடந்தவற்றை நினைவுகூர்வது பயனுடையது.

அவ்வாண்டு ஜூன் இறுதியில், பைனான்ஸ் என்னும் உலகின் மிகப் பெரிய கிரிப்டோ பரிமாற்றகத்தின் பிரித்தானியத் துணை நிறுவனம் முன்னனுமதியின்றி ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில் எதையும் செய்யக்கூடாது என்று நிதி நடத்தை அதிகாரசபை அறிவித்தது. அதே நாட்களில் அப்பரிமாற்றகத்திலிருந்து பாஸ்ரர் பேமென்ற்ஸ் வழியாகப் பவுண் எடுப்பது சில நாட்கள் தடைப்பட்டது. ஜூலை தொடக்கத்தில் பார்க்ளேஸ் வங்கி தனது வாடிக்கையாளர் அட்டை மூலம் பைனான்ஸிற்குப் பணம் செலுத்துவதை நிறுத்தியது. ஆயினும் அங்கிருந்து பணத்தை எடுப்பதை இது பாதிக்காது என்றும் அவ்வங்கி கூறியிருந்தது. அம்மாதமே, பைனான்ஸிற்குப் பணமாற்றுச் சேவை வழங்கிவந்த கிளியர் ஜங்ஷன் என்னும் இலண்டன் நிறுவனம் அச்சேவையை நிறுத்திக்கொண்டது. பின்னர் பேசேப் என்னும் நிறுவனம் அவ்விடத்திற்கு வந்தது. அதுவும் விலகியதால் 2023 மே 22 அன்று பைனான்ஸில் பவுணை வைப்பிடும் வழியும் எடுக்கும் வழியும் மூடப்பட்டன.

இவ்வரலாறு ஓர் உண்மையைக் காட்டுகின்றது. பரிமாற்றகம் வங்கியன்று. அது அனுப்பும் பவுண் வேறொரு பணமாற்று நிறுவனத்தின் வழியாகவே பெரும்பாலும் வருகின்றது. ஆதலால் வங்கிக் கணக்கறிக்கையில் வாடிக்கையாளரின் பெயரோ பரிமாற்றகத்தின் பெயரோ இல்லாமல், அவர் கேள்விப்பட்டேயிராத ஒரு நிறுவனத்தின் பெயர் தோன்றக்கூடும். அந்த இடைநிறுவனம் விலகினால், வாடிக்கையாளரின் பெயர் எவ்வளவு சரியாக இருந்தாலும் பணம் நகராது. பரிமாற்றகத்திற்குப் பணம் அனுப்புவதில் வங்கி விதிக்கும் கட்டுப்பாடும், அங்கிருந்து வரும் பணத்தை ஏற்பது பற்றிய அதன் கொள்கையும் ஒன்றல்ல என்பதையும் பார்க்ளேஸின் கூற்று உணர்த்துகின்றது. நாணயத்தை விற்பதற்கு முன்னரே இரண்டாவதைப் பற்றி வங்கியிடம் கேட்டறிந்துகொள்வது அறிவுடைமை.

எந்த வாயிலில் பணம் நின்றது என்பதை அடையாளங்களால் பெரும்பாலும் அறியலாம். கோரிக்கை உடனே நீக்கப்பட்டு, தொகை பரிமாற்றகத்திலேயே தெரிந்தால் முதலாவது அல்லது இரண்டாவது வாயில். அங்கே பேச வேண்டியது பரிமாற்றகத்துடன். நிறைவேறியது என்று காட்டிப் பின்னர் தொகை மீண்டும் பரிமாற்றகத்திற்கே வந்திருந்தால், பெறும் வங்கி திருப்பி அனுப்பியுள்ளது. நிறைவேறியது என்று காட்டியும் பணம் இரு பக்கமும் இல்லையெனில், பணமாற்றுக்குரிய குறிப்பெண்ணையும் அனுப்பிய நிறுவனத்தின் பெயரையும் பரிமாற்றகத்திடம் எழுத்தில் பெற்று, அவற்றுடன் வங்கியை அணுக வேண்டும்.

வங்கி எதுவும் சொல்ல மறுக்கும் நிலையே குடும்பங்களை மிகவும் அச்சுறுத்துகின்றது. 2002 ஆம் ஆண்டின் குற்ற வருவாய்ச் சட்டத்தின்படி, ஒரு பணம் குற்றத்திலிருந்து வந்ததோ என்று வங்கிக்கு ஐயம் எழுந்தால் அது தேசியக் குற்றவியல் முகவரகத்திற்கு அறிவிக்க வேண்டும். அந்தப் பணத்தை நகர்த்த இசைவு கேட்டிருந்தால், விடைக்கு ஏழு வேலை நாட்கள் பொறுத்திருக்க வேண்டும். இசைவு மறுக்கப்பட்டால் மேலும் 31 நாட்கள் பணம் அசையாது. நீதிமன்றம் அதனை மேலும் நீடிக்கவும் கூடும். இவ்வாறு அறிவித்திருப்பதை வாடிக்கையாளருக்குச் சொல்லி விசாரணைக்குக் கேடு விளைவிப்பது வங்கி ஊழியருக்கே குற்றமாகும். ஆதலால் கிளையில் இருப்பவர் காரணம் சொல்லாமல் மௌனம் காத்தால் அதனை அவமதிப்பென்றோ இனப் பாகுபாடென்றோ உடனே முடிவு கட்டிவிடலாகாது. சொல்ல அவருக்கு உரிமை இல்லாதிருக்கலாம்.

அவ்வேளையில் வாடிக்கையாளரின் கையிலிருக்க வேண்டியவை மூன்று. முதலில் நாணயம் வாங்கப் பயன்பட்ட பணம் தன் சம்பளத்திலிருந்தோ சேமிப்பிலிருந்தோ பரிமாற்றகத்திற்குச் சென்றதைக் காட்டும் பழைய கணக்கறிக்கை. வாங்கிய நாள் முதல் விற்ற நாள் வரையிலான முழு வரலாற்றையும் கொண்ட, பரிமாற்றகத்திலிருந்து தரவிறக்கிய கோப்பு. பவுண் எடுத்தமைக்கான உறுதிப்பத்திரம். இம்மூன்றும் ஒரே பெயரில், தொடர் அறாமல் இருந்தால் கேள்விக்கு விடை சொல்வது எளிது. பரிமாற்றகம் மூடப்படுமாயின் இந்த வரலாற்றைப் பின்னர் பெறுவது கடினம். எனவே ஆண்டுக்கு ஒரு முறையேனும் அதனைத் தரவிறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். வங்கி கேட்கும் ஆவணத்தில் பெயரைக் கணினியில் திருத்திக் கொடுப்பது, நோக்கம் எதுவாயினும், போலி ஆவணமே ஆகும்.

வங்கி நியாயமின்றி நடந்துகொண்டதாகக் கருதினால் முதலில் அதற்கே எழுத்தில் முறையிட வேண்டும். பணமாற்றுச் சேவை பற்றிய முறைப்பாட்டிற்குப் பொதுவாக 15 வேலை நாட்களுக்குள்ளும், ஏனையவற்றிற்கு எட்டு வாரங்களுக்குள்ளும் இறுதி விடை வர வேண்டும். அதனை ஏற்க முடியாவிடின் ஆறு மாதங்களுக்குள் நிதிக் குறைகேள் சேவையிடம் கட்டணமின்றிச் செல்லலாம். ஒரு பணத்தை ஏற்கும்படி வங்கியின் கொள்கையை அச்சேவை மாற்றிவிடும் என்று எதிர்பார்க்கலாகாது. தாமதமும் நடத்தையும் நியாயமானவையா என்பதை அது ஆராயும். பரிமாற்றகத்தில் உள்ள கிரிப்டோ நாணயத்திற்கு வங்கி வைப்பிற்குரிய நட்டஈட்டுப் பாதுகாப்பு இல்லை என்பதும் நினைவிலிருக்க வேண்டும்.

இப்பிரச்சினையில் தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய ஓர் ஆபத்து உண்டு. பணம் வீட்டில் பொதுவானது என்பது எம்மவரிடையே ஊறிப்போன எண்ணம். அப்பாவின் கணக்கிற்கு வராவிட்டால் அண்ணனின் கணக்கிற்கு வரட்டும், சித்தப்பாவின் மகன் எடுத்துத் தரட்டும் என்று இயல்பாகவே எண்ணுகின்றார்கள். பரிமாற்றகம் மறுத்தால், நாணயத்தை இணையத்தில் முன்பின் அறியாத ஒருவருக்கு நேரடியாக விற்று, அவரது பணத்தைத் தமது கணக்கிற்குப் பெற முற்படும் இளையோரும் உள்ளனர். அந்த முன்பின் அறியாதவர் அனுப்புவது மூன்றாம் ஒருவரிடம் ஏமாற்றிப் பறித்த பணமாக இருக்கலாம். பறிகொடுத்தவர் முறையிடும்போது அகப்படுவது அந்த இளைஞரின் கணக்கே.

பிறருடைய பணத்திற்குத் தன் கணக்கை வழியாகக் கொடுத்தவர் என்று வங்கி கருதினால், சிபாஸ் எனப்படும் மோசடித் தடுப்புப் பதிவேட்டில் அவரது பெயர் ஏறக்கூடும். அப்பதிவு ஆறு ஆண்டுகள் வரை நிலைக்கும். அக்காலத்தில் புதிய வங்கிக் கணக்கு, கைத்தொலைபேசி ஒப்பந்தம், வீட்டுக் கடன் ஆகியவற்றைப் பெறுவது மிகக் கடினமாகி விடும். குற்றமென்று நிரூபிக்கப்பட்டால் பணச்சலவைக்கான உச்சத் தண்டனை 14 ஆண்டுச் சிறை. பல்கலைக்கழகத்திற்குச் செல்லும் பிள்ளையிடம் உன் கணக்கில் ஒரு தொகை வரும், எடுத்துத் தா என்று கேட்கும் உறவினர், தாம் எதனைக் கேட்கின்றார் என்பதை உணர்ந்திருக்க வேண்டும். மறுக்கும் பிள்ளை மரியாதை இல்லாத பிள்ளையன்று.

பணம் எடுக்க முடியாத எல்லாத் தடங்கலும் பெயர்ப் பிழையும் அல்ல. தொகையை விடுவிக்க முதலில் வரி கட்டுங்கள், பெயர்த் திருத்தக் கட்டணம் அனுப்புங்கள், பிணையாகப் பத்து வீதம் வைப்பிடுங்கள் என்று கேட்கும் தளம் போலியானது. உண்மையான பரிமாற்றகம் தனது கட்டணத்தை இருக்கும் தொகையிலிருந்தே கழித்துக்கொள்ளும். வருமான, சுங்கத் திணைக்களம் தனது வரியைப் பரிமாற்றகத்தின் வழியாக முன்பணமாகக் கேட்பதில்லை. புதிய பணம் கேட்கப்படும் கணத்திலேயே நிறுத்தி, அந்நிறுவனம் நிதி நடத்தை அதிகாரசபையின் பதிவேட்டில் உள்ளதா என்று தேடிப் பார்க்க வேண்டும்.

வரியைப் பற்றியும் ஒரு சொல். மூலதன ஆதாய வரியைப் பொறுத்தவரை கணக்கிலெடுக்கப்படும் நாள் நாணயத்தை விற்ற நாள். பணம் வங்கியில் சேர்ந்த நாளன்று. 4,800 பவுண் பரிமாற்றகத்திலேயே தேங்கி நின்றாலும் விற்பனை நடந்து விட்டது. அதைக் கொண்டு மீண்டும் வேறொரு நாணயம் வாங்கி, இன்னொரு பரிமாற்றகத்திற்கு மாற்றி அங்கே விற்றால் அது இரண்டாவது விற்பனையாகும். 2024 ஏப்பிரலில் தொடங்கிய வரியாண்டு முதல் ஆதாயத்தில் 3,000 பவுண் வரையே ஆண்டொன்றிற்கு விலக்களிக்கப்படுகின்றது. மேலும் 2026 ஜனவரி 1 முதல் பரிமாற்றகங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, பிறந்த திகதி, வரி அடையாள எண் ஆகியவற்றைத் திரட்டி வரித் திணைக்களத்திற்கு அறிவிக்கக் கடமைப்பட்டுள்ளன. பெயர் இரண்டு விதமாக நிற்பதன் விளைவு இனி வங்கியுடன் முடிந்து விடப் போவதில்லை.

ஆதலால் செய்ய வேண்டிய காரியம் நாணயம் விற்கும் நாளில் அல்ல, அதற்கு நெடுநாள் முன்னரே உள்ளது. ஒரு மாலைப் பொழுதில் வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் கடவுச்சீட்டையும், வங்கிக் கணக்கறிக்கையையும், தேசியக் காப்புறுதிக் கடிதத்தையும் மேசையில் வைத்து, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஆங்கிலப் படிவங்களில் பழகிய பிள்ளைகள் வாசிக்கட்டும். எந்தப் பெயர் யாருடையது, அது ஏன் முன்னே நிற்கின்றது என்பதைப் பெற்றோர் சொல்லட்டும். கந்தையா என்பது பாட்டனாரின் பெயர் என்பதை வங்கிப் பதிவேடு அறியாது. பேரப்பிள்ளை அறிந்திருந்தால், அந்தப் பெயரைச் சரியான கட்டத்தில் எழுதவும் அவனால் முடியும்.